நீங்கள் படிப்பை முடித்த வருடம் எத்தனை வருடம் துரத்தும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆள் எடுப்பே இல்லாத வருஷத்துல படிப்பை முடிக்கிறேன். வாழ்நாள் முழுக்க என் சம்பளம் குறைவாத்தான் இருக்குமா?

பெரும்பாலானவர்களுக்கு அப்படி இல்லை. ஆனால் ஓரிரு வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். கிட்டத்தட்ட பத்து வருடம் ஆகும் என்பதுதான் நேர்மையான பதில்.

இதைப் பற்றி நல்ல ஆராய்ச்சிகள் இருக்கின்றன. கனடாவில் 1976 முதல் 1995 வரை கல்லூரி முடித்த ஆண்களின் வருமானத்தை ஓரியோபவுலோஸ், வான் வாக்டர், ஹைஸ் என்ற மூன்று பொருளியலாளர்கள் வருடா வருடம் பின்தொடர்ந்து பார்த்து 2012-ல் வெளியிட்டார்கள். வேலையின்மை விகிதம் சுமார் 5 சதவீதப் புள்ளி ஏறுகிற சாதாரண மந்தத்தில் வெளியே வந்தவர்களுக்கு முதல் வருட வருமானம், நல்ல காலத்தில் வந்தவர்களைவிட ஏறக்குறைய 9 சதவீதம் குறைந்தது. ஐந்து வருடத்தில் அந்த இடைவெளி பாதியானது, பத்து வருடத்தில் மறைந்தேபோனது.

இதைவிடக் கடுமையான முடிவும் உண்டு. லிசா கான் என்பவர் அமெரிக்காவில் 1979 முதல் 1989 வரை பட்டம் பெற்ற வெள்ளையின ஆண்களை மட்டும் எடுத்துப் பார்த்தார். அங்கே வேலையின்மை 1 புள்ளி ஏறினாலே ஆரம்பச் சம்பளம் 6 முதல் 7 சதவீதம் குறைந்தது, 15 வருடம் கழித்தும் 2.5 சதவீதம் மிச்சம் இருந்தது. அந்த எண்பதுகளின் தொடக்கம் மிகக் கடுமையான காலம், 1982 கடைசியில் அமெரிக்க வேலையின்மை 10.8 சதவீதம் வரை போனது. பின்னால் இன்னும் பெரிய தரவுகளை வைத்துச் செய்த ஆய்வுகள் பத்து வருடக் கணக்குக்குத்தான் நெருங்கி வருகின்றன. அதனால் நான் யாருக்குச் சொன்னாலும் பத்து வருடம் என்றே சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தச் சராசரி எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பொருந்தாது. கனடா ஆய்விலேயே, நல்ல பெயருள்ள கல்லூரியில் சம்பளம் அதிகம் கிடைக்கும் பாடம் படித்தவர்கள் சீக்கிரம் மீண்டார்கள். அடுக்கில் கீழே இருந்தவர்களுக்கு இழப்பின் ஒரு பகுதி நிரந்தரமாகவே தங்கிவிட்டது.

9 சதவீதம், பத்து வருஷம்னு சொன்னா ஒண்ணும் புரியல. மொத்தத்துல எவ்வளவு போகும்?

வாங்க, கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். நல்ல காலத்தில் உங்களுக்கு வருடம் 100 கிடைத்திருக்கும் என்று வையுங்கள். சம்பள உயர்வையெல்லாம் இப்போதைக்கு விட்டுவிடுவோம். மந்தத்தில் வந்ததால் முதல் வருடம் 9 குறைகிறது, அடுத்த வருடம் 8, அப்புறம் 7, 6, 5 என்று இறங்குகிறது. முதல் ஐந்து வருடத்துக்குக் கூட்டினால் 35. அதன்பின் 4, 3, 2, 1, கடைசியில் பூஜ்யம், அது ஒரு 10. ஆக மொத்தம் 45.

அதாவது பத்து வருடத்தில் நீங்கள் இழப்பது ஏறக்குறைய ஐந்தரை மாதச் சம்பளம். சின்னத் தொகை இல்லை, கடன் கட்டுகிற வயதில் அது நன்றாகவே வலிக்கும். ஆனால் இந்த 45 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் பல முடிவுகள் தெளிவாகும், ஏனென்றால் மந்தத்துக்குப் பயந்து ஒரு வருடம் சும்மா இருந்தால் போவது 100.

மேற்படிப்புல சேர்ந்து இந்த வருஷத்தைத் தாண்டிடலாமா?

அந்தப் படிப்பு எப்படியும் உங்களுக்குத் தேவை, நீங்கள் போக நினைக்கும் வேலைக்கு அது இல்லாமல் நுழைய முடியாது என்றால் தாராளமாகச் சேருங்கள். மந்தத்தில் அதற்கான விலையும் குறைவு, விட்டுக்கொடுக்கிற சம்பளமே குறைவுதானே.

ஆனால் ஒளிந்துகொள்ள மட்டும் என்றால் மேலே போட்ட கணக்கை மறுபடி பாருங்கள். இரண்டு வருடப் படிப்புக்கு, வேலை கிடைத்திருக்கக் கூடியவர் என்றால், 91-ம் 92-ம் சேர்த்து 183-ஐ விடுகிறீர்கள், கட்டணம் தனி. காப்பாற்றப் பார்ப்பது மூன்றாம் வருடத்திலிருந்து மிச்சமிருக்கும் 28 மட்டும். அந்தப் படிப்பு தானாகவே சம்பளத்தை நன்றாக உயர்த்தித் தந்தால்தான் இது கட்டுப்படியாகும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. உங்களைப் போலவே நினைத்து இன்னும் பலர் சேர்ந்திருப்பார்கள். எல்லாரும் ஒரே வருடத்தில் வெளியே வருவீர்கள், அந்த வருடம் சந்தை திரும்பியிருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் கிடையாது. வேலை தேடி ஆறு மாதமாக ஒன்றும் அமையாதவருக்கு மட்டும் கணக்கு வேறு. அவர் விட்டுக்கொடுக்கும் சம்பளம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் படிப்பு அவருக்கு மலிவு.

பொருளாதாரம் ரெண்டு வருஷத்துல சரியாகுதே, சம்பளம் மட்டும் ஏன் பத்து வருஷம் இழுக்குது?

இந்த விஷயத்தில் எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி இதுதான். மந்தத்தில் சம்பளம் மட்டும் குறைவதில்லை, நீங்கள் போய் உட்காரும் இடமே மாறிவிடுகிறது. நன்றாகச் சம்பளம் கொடுக்கும் பெரிய நிறுவனங்கள் அந்த வருடம் கதவைச் சாத்திவிடும். திறந்திருப்பவை சின்ன நிறுவனங்கள், குறைந்த சம்பளம், வேலை கற்றுத்தர ஆள் இல்லாத இடங்கள். கனடா ஆய்வில் வருமான இழப்பின் கணிசமான பங்குக்கு இந்த 'எந்த நிறுவனத்தில் சேர்ந்தார்' என்பதே காரணமாக இருந்தது.

அதற்கு மேல் இரண்டு விஷயங்கள் சேர்ந்துகொள்கின்றன. ஒன்று, சம்பள உயர்வு சதவீதத்தில் வருகிறது, அதனால் அடியிலிருக்கும் தொகை குறைவாக இருந்தால் ஒவ்வொரு உயர்வும் குறைவாகவே வரும். அடுத்த நிறுவனத்துக்குப் போனால் ஹெச்.ஆர். முதலில் கேட்பது "இப்போ எவ்வளவு வாங்குறீங்க?" என்பதுதான், அதன்மேல் இருபதோ முப்பதோ சதவீதம் போட்டுத் தருவார்கள். இப்படித்தான் நீங்கள் படிப்பு முடித்த வருடம் ஒரு எண்ணாக மாறி உங்கள் கூடவே வருகிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பழைய சம்பளத்தை நிறுவனம் கேட்கக் கூடாது என்று 2018 முதல் சட்டமே இருக்கிறது.

இரண்டாவது, சந்தை திரும்பியதும் பெரிய நிறுவனங்கள் ஃப்ரெஷர் எடுக்கத் தொடங்கும்போது அந்த வருடத்து பேட்ச்சைத்தான் தேடிப் போகின்றன. இரண்டு வருடம் முன்னால் வந்தவர் ஃப்ரெஷரும் இல்லை, அவர்கள் கேட்கும் அனுபவமும் அவரிடம் இல்லை. நடுவில் மாட்டிக்கொள்கிறார்.

இது முற்றிப்போனால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானைத்தான் சொல்ல வேண்டும். அங்கே பெரிய நிறுவனங்கள் படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களையே மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, எல்லாரையும் ஏப்ரலில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்வது வழக்கம். அந்த ஒரு வாசலைத் தவறவிட்டால் மறுபடி நுழைவது மிகக் கடினம். 1990-களின் தொடக்கத்திலிருந்து பத்து வருடத்துக்கும் மேலாக வெளியே வந்தவர்களை 'வேலைவாய்ப்புப் பனியுகத் தலைமுறை' என்றே அழைக்கிறார்கள். பலர் தற்காலிக வேலைகளிலேயே நாற்பது வயதைத் தொட்டார்கள். 2010-ல் அரசாங்கம், படிப்பு முடித்து மூன்று வருடம் வரை ஆனவர்களையும் புதியவர்களாகவே நடத்துங்கள் என்று நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. 2019-ல் அந்தத் தலைமுறையில் மூன்று லட்சம் பேரை நிரந்தர வேலைக்குக் கொண்டுவரத் திட்டம் போட்டது. சந்தையில் ஒரே ஒரு வாசல்தான் இருக்கிறது என்றால் முடித்த வருடத்தின் பாதிப்பு நீளும், பல வாசல்கள் இருந்தால் சுருங்கும்.

அப்போ இழந்ததை எப்படித்தான் ஈடு கட்டுறது?

நகர்வதுதான் வழி. கனடா ஆய்வில் பத்து வருடத்தில் இடைவெளி மறைந்தது என்றேனே, அது தானாக மறையவில்லை. அந்தப் பட்டதாரிகள் கொஞ்சம் கொஞ்சமாக நல்ல நிறுவனங்களுக்கு மாறினார்கள், அது மறைந்ததில் அதற்கு முக்கியப் பங்கு உண்டு. சாதாரண காலத்திலும் இப்படித்தான். டோபெல், வார்ட் என்ற இருவர் 1992-ல் காட்டியபடி, அமெரிக்க இளைஞர்களின் முதல் பத்து வருடச் சம்பள வளர்ச்சியில் மூன்றில் ஒரு பங்காவது வேலை மாறும்போது கிடைத்ததுதான்.

என் கதையையே சொல்கிறேன். நான் முடித்தது 2002. கையில் ஆஃபர் லெட்டர் இருந்தது, பெயரெடுத்த நிறுவனம்தான். ஜூலை என்றிருந்த ஜாயினிங் தேதி அக்டோபர் ஆனது, அப்புறம் ஜனவரி ஆனது. மூன்றாவது மெயிலில் தேதியே இல்லை, "வணிகத் தேவையைப் பொறுத்துத் தெரிவிக்கப்படும்" என்று ஒரு வரி மட்டும். அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கே இல்லை. நடுவில் பன்னிரண்டு பேர் வேலை பார்த்த ஒரு சின்ன இடத்தில், ஆஃபரில் இருந்த சம்பளத்தில் பாதிக்கும் கொஞ்சம் மேலே ஒரு தொகைக்குச் சேர்ந்தேன். அங்கே ஆள் பற்றாக்குறை என்பதால் வாடிக்கையாளரிடம் பேசுவது முதல் இரவில் சர்வரைத் தூக்கி நிறுத்துவது வரை எல்லாம் என் தலையில் விழுந்தது.

2004 கடைசியில் மாறப் பார்த்தபோது என் பழைய சம்பளத்தைக் கேட்டு, அதன்மேல் கொஞ்சம் போட்டுக் கொடுத்தார்கள். சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். எனக்கு இரண்டு வருடம் பின்னால் முடித்தவர் பக்கத்து நாற்காலியில் என்னைவிட அதிகம் வாங்குகிறார் என்பது ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அடுத்த முறை மாறும்போது தற்போதைய சம்பளத்தைப் பேச்சின் தொடக்கமாக வைக்க நான் விடவில்லை. இந்த வேலைக்குச் சந்தையில் என்ன தருகிறார்கள் என்று நாலு பேரிடம் விசாரித்துவிட்டு, அந்த எண்ணை முதலில் நானே சொன்னேன். இடைவெளி அடைபட்டது அந்த மாற்றத்தில்தான், அதற்கு முன்னால் வந்த நான்கு இன்க்ரிமென்ட்களில் இல்லை.

எப்போ நகரணும்னு எப்படித் தெரியும்? சீக்கிரம் மாறினா நிலையில்லாதவன்னு நினைக்க மாட்டாங்களா?

சந்தை இன்னும் படுத்துக் கிடக்கும்போது மாறினால் அதே மாதிரி இன்னொரு இடத்துக்குத்தான் போவீர்கள், பலன் இருக்காது. சந்தை திரும்புவதை உங்களைச் சுற்றியே பார்க்கலாம். வேறு வேலை கிடைத்து, தாங்களாகவே ராஜினாமா செய்கிறவர்கள் கூடுவது நம்பகமான அடையாளம். மந்தத்தில் யாரும் தானாக வெளியே போக மாட்டார்கள். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை இப்படி விலகுகிறவர்களின் விகிதத்தை மாதந்தோறும் வெளியிடுகிறது, பொருளியலாளர்கள் அதை மிகக் கவனமாகப் பார்ப்பது இதனால்தான். உங்கள் குழுவிலேயே மூன்று மாதத்தில் இரண்டு பேர் நல்ல இடத்துக்குப் போயிருந்தால், ரெஸ்யூமைத் தூசி தட்டும் நேரம் வந்துவிட்டது.

ஒரு இடத்தில் ஒன்றரை, இரண்டு வருடம் இருந்து, முடித்துக்கொடுத்த வேலை ஒன்றைக் காட்ட முடிந்தால் யாரும் தப்பாக நினைப்பதில்லை. மந்த வருடத்து பேட்ச் என்று தெரிந்தால் நேர்காணல் எடுப்பவர் இன்னும் புரிந்துகொள்வார், அவரும் ஏதோ ஒரு வருடத்தில் முடித்தவர்தானே. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தாவுவது வேறு கதை, அதற்குக் கேள்வி வரும்.

இப்போ எந்தத் துறைக்கு மவுசு அதிகமோ அதுல சேர்ந்துட்டா பிரச்சினை இல்லையே?

நீங்கள் மவுசைப் பார்ப்பது சேரும் வருடத்தில், வேலை தேடுவது முடிக்கும் வருடத்தில். நடுவில் நான்கு வருடம் இருக்கிறது. விலை ஏறியதைப் பார்த்து எல்லாரும் ஒரே பயிரைப் போட்டு, அறுவடைக்குள் விலை விழுந்துவிடுவது மாதிரி. ரிச்சர்ட் ஃப்ரீமன் என்ற பொருளியலாளர் 1976-லேயே அமெரிக்கப் பொறியாளர்களை வைத்து இதைக் காட்டினார். சம்பளம் ஏறும்போது மாணவர்கள் குவிகிறார்கள், அவர்கள் வெளியே வரும்போது ஆள் மிஞ்சிச் சம்பளம் இறங்குகிறது, அதைப் பார்த்து அடுத்தவர்கள் ஒதுங்குகிறார்கள், மறுபடி ஆள் பற்றாக்குறை வருகிறது. மாணவர்கள் இவ்வளவு கண்ணை மூடிக்கொண்டு போவதில்லை என்று பின்னால் சிலர் மறுத்ததும் உண்டு. ஆனாலும் சில துறைகளில் இந்தச் சுழற்சி அப்பட்டமாகத் தெரியும்.

பெட்ரோலியப் பொறியியலை எடுத்துக்கொள்ளுங்கள். 2013-ல் ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய் 100 டாலருக்கு மேல். அதைப் பார்த்துச் சேர்ந்தவர் 2017-ல் முடிக்கிறார். அதற்குள் 2016 ஜனவரியில் விலை 30 டாலருக்குக் கீழே போய், நிறுவனங்கள் அனுபவசாலிகளையே வீட்டுக்கு அனுப்பியிருந்தன. இப்போது, அந்தப் படிப்பை யாரும் விரும்பாத 2018-ல் ஒருவர் சேர்ந்தார் என்று வையுங்கள். இரண்டாம் வருடம் படிக்கும்போது, 2020 ஏப்ரலில், அமெரிக்க எண்ணெய் விலை ஒரு நாள் பூஜ்யத்துக்கும் கீழே போனது. வீட்டில் என்ன பேச்சு வாங்கியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். அவர் முடித்தது 2022-ல், விலை மறுபடி 100 டாலரைத் தாண்டியிருந்தது, கூட முடித்தவர்களும் குறைவு.

கணினித் துறையிலும் இதே ஓட்டம் உண்டு. இணைய நிறுவனங்களின் பங்குகள் 2000 மார்ச்சில் உச்சம் தொட்டு விழுந்தன. ஆனால் அமெரிக்காவில் கணினிப் பட்டம் பெற்றவர்களின் எண்ணிக்கை உச்சத்துக்குப் போனது 2003-04-ல்தான், ஏறக்குறைய 59,000 பேர். அவர்கள் சேரும்போது விருந்து நடந்துகொண்டிருந்தது, வெளியே வரும்போது இலை எடுத்தாயிற்று. பயந்துபோன அடுத்தடுத்த பேட்ச்கள் சுருங்கி 2008-09-ல் அது 38,000 ஆனது.

இதனால் மந்தமான துறையாகப் பார்த்துச் சேர்ந்தால் ஜெயிக்கலாம் என்று நான் சொல்லவில்லை. சில துறைகள் விழுந்தால் எழுவதே இல்லை. விலையோ வட்டியோ ஏறி இறங்குவதால் சுருங்கிய துறை திரும்பி வரும். அந்த வேலையே வேறு விதமாகச் செய்யப்படத் தொடங்கியதால் சுருங்கிய துறை திரும்பாது. எது எந்த வகை என்று அந்தத் துறையில் இருபது வருடம் இருந்த ஒருவரிடம் கேளுங்கள், ஒரு பழைய சரிவையாவது நேரில் பார்த்தவராக இருக்க வேண்டும்.

ஆள் எடுப்பு உச்சத்துல இருக்கும்போது சேர்ந்தவங்களுக்கு எல்லாம் லாபம்தானே?

சம்பளத்தில் லாபம்தான். பால் ஓயர் என்பவர் ஸ்டான்ஃபோர்டு எம்.பி.ஏ. மாணவர்களைப் பார்த்தார். படிக்கும் இரண்டு வருடத்தில் பங்குச் சந்தை ஏறியிருந்தால் அந்த பேட்ச்சிலிருந்து அதிகம் பேர் முதலீட்டு வங்கிகளுக்குப் போனார்கள், விழுந்திருந்தால் குறைவாகப் போனார்கள். முக்கியமானது என்னவென்றால், உள்ளே போனவர்கள் பல வருடம் கழித்தும் அங்கேயே இருந்தார்கள், வெளியே நின்றவர்கள் பெரும்பாலும் பின்னால் உள்ளே வரவில்லை. திறமை ஒன்றேதான், வருடம்தான் வேறு.

ஆனால் உச்சத்தில் சேர்ந்தவர்களுக்கு வேறு ஆபத்து இருக்கிறது, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அவசரத்தில் எடுத்தவர்களுக்கு உட்கார்ந்து கற்றுக்கொடுக்க யாருக்கும் நேரம் இருக்காது. ஒன்றரை வருடத்தில் பெரிய பதவிப் பெயரும் பெரிய சம்பளமும் வந்துவிடும், கையில் தொழில் அந்த அளவுக்கு ஏறியிருக்காது. ஆட்குறைப்பு வந்தால் சந்தைக்கு மேலான சம்பளத்தோடு வெளியே நிற்பார்கள். அப்படி ஒருவருக்கு நான் நேர்காணல் எடுத்தேன். மூன்று வருட அனுபவம், மூன்று ப்ராஜெக்ட், மூன்றுமே பாதியில் கைவிடப்பட்டவை. ஒன்றைக்கூட முடித்துப் பார்க்கும் வாய்ப்பே அவருக்குக் கிடைக்கவில்லை. நல்ல காலத்தில் சேர்ந்தவர்கள் முதல் இரண்டு வருடத்தில் ஒரு வேலையையாவது தொடக்கத்திலிருந்து கடைசி வரை கொண்டுபோய் முடித்துவிடப் பாருங்கள், கொஞ்சம் குறைந்த சம்பள உயர்வுக்கு ஒத்துக்கொண்டாவது.

மந்தம் வர்றது முன்னாடியே தெரியுமா?

தேதி போட்டு யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு நிறுவனத்துக்குள் அது எந்த வரிசையில் வருகிறது என்பது தெரிந்ததுதான். முதலில் விலகிப்போனவர் இடத்தில் ஆள் போட மாட்டார்கள். அப்புறம் ஒப்பந்த ஊழியர்களை நிறுத்துவார்கள், இன்டர்ன்களை நிரந்தரமாக்குவது நிற்கும், ஜாயினிங் தேதிகள் தள்ளிப்போகும். ஆள் எடுக்கும் குழுவிலேயே ஆட்களைக் குறைத்தால் அடுத்த ஒரு வருடத்துக்கு அங்கே பெரிய ஆள் எடுப்பு இல்லை என்று அர்த்தம். 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரைக் குறைத்தபோது ஆள் எடுக்கும் பிரிவுக்குத்தான் அடி அதிகம் விழும், வரும் வருடம் குறைவாகவே எடுக்கப்போகிறோம் என்று அதன் தலைவரே சொன்னார்.

ஆஃபர் இருக்கு, ஜாயினிங் தேதி தள்ளிக்கிட்டே போகுது. காத்திருக்கவா?

ஒரு தடவை தள்ளிப்போய், புதுத் தேதி எழுத்தில் வந்திருந்தால் காத்திருக்கலாம், ஆனால் தேடுவதை நிறுத்தாமல். இரண்டாவது தடவையும் தள்ளினாலோ, தேதியே இல்லாமல் மெயில் வந்தாலோ, அந்த ஆஃபர் இல்லை என்று வைத்துக்கொண்டு வேறு வேலையில் சேர்ந்துவிடுங்கள். பின்னால் அவர்கள் கூப்பிட்டால் அப்போது யோசிக்கலாம். என்னைக் கூப்பிட்டார்கள், பதினான்கு மாதம் கழித்து, பழைய சம்பளத்துக்கே. நான் போகவில்லை.

என் துறையில வேலையே இல்லை. கிடைச்ச வேற வேலையில சேர்ந்தா அங்கேயே மாட்டிக்குவேனா?

மாட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு, ஓயர் பார்த்ததும் அதைத்தான். அதனால் கிடைக்கும் வேலைகளில் உங்கள் துறைக்குப் பக்கத்தில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள், சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. வங்கி வேலை வேண்டும் ஆனால் கிடைக்கவில்லை என்றால், வங்கிக்குத் தணிக்கை செய்யும் இடம். வடிவமைப்பு வேலை கிடைக்கவில்லை என்றால், அதே பொருளைச் சோதனை செய்யும் இடம். பெயர் வேறாக இருந்தாலும் தினமும் தொடுகிற பொருளும் பேசுகிற ஆட்களும் அதே துறையாக இருந்தால் திரும்பும்போது விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. முழுக்க வேறு வேலைதான் கிடைத்தது என்றால் அதிலும் சேருங்கள், பூஜ்யத்தைவிட மேல். ஆனால் சந்தை திரும்பிய முதல் ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்கத் தொடங்கிவிடுங்கள், அடுத்த பேட்ச் வெளியே வந்துவிட்டால் அந்த வாசலில் கூட்டம் சேர்ந்துவிடும்.